8.45 கூட்டல் 9.20: புள்ளியில் தொலையும் நிமிடங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகள் பலவற்றில் சனிக்கிழமைதான் சம்பள நாள். அன்று சாயங்காலத்துக்குள் டைம் ஆபீஸில் வருகைத் தாள்களைக் கூட்டி முடித்தாக வேண்டும். ஷிப்ட் கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு அது நொடியில் முடிகிற வேலை. ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட், ஆறு நாளைக்கு மொத்தம் எட்டு ஷிப்ட் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மணிக்கணக்கில் கூலி வாங்குபவர்களின் தாளில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அதில் நிமிடங்கள் இருக்கின்றன.

செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வாரத் தாள் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டு நேரம் கழித்து, அவர் வேலை செய்த நேரம் மட்டும்:

திங்கள் – 8.45
செவ்வாய் – 9.20
புதன் – 8.50
வியாழன் – 7.55
வெள்ளி – 9.40
சனி – 8.35

கால்குலேட்டரில் வரிசையாகத் தட்டினால் 51.45 என்று விடை வரும். மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால், 51.45-ஐ 60-ஆல் பெருக்கி 3,087 ரூபாய். கவரில் போட்டுக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

அவருக்குச் சேர வேண்டியது 3,185 ரூபாய். 98 ரூபாய் குறைகிறது. வீட்டில் மகன் நோட்டில் கூட்டிப் பார்த்துச் சொல்லி, அந்தப் பெண் திங்கட்கிழமை வந்து கேட்டால், “மெஷின் போட்ட கணக்குங்க அக்கா, மெஷின் தப்பு பண்ணாதுங்க” என்று பதில் வரலாம். அதுவும் பொய்யில்லை. கால்குலேட்டர் சரியாகத்தான் கூட்டியது. எழுத்தர் ஒரு பொத்தானையும் தவறாக அழுத்தவில்லை. யாரும் ஏமாற்றவும் இல்லை. 45 நிமிடத்தை ஒரு மணியின் நூற்றில் 45 பங்கு என்று இயந்திரம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஒரே புள்ளி, இரண்டு கணக்கு

கல்யாணப் பத்திரிகையில் ‘காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்’ என்று போடுகிறோம். பஸ் நிலையத்து அட்டவணையிலும் செய்தித்தாளிலும் அதே புள்ளிதான். 7.30 என்று பார்த்ததும் ஏழரை என்று படித்துவிடுகிறோம். அங்கே புள்ளிக்கு வேலை மணியையும் நிமிடத்தையும் பிரித்துக் காட்டுவது மட்டுமே. கால்குலேட்டருக்கு அந்த வழக்கம் தெரியாது. அதற்கு 7.30 என்பது ஏழும், பத்தில் மூன்று பங்கும். ஒரு மணியில் பத்தில் மூன்று பங்கு என்றால் 18 நிமிடம். ஆக, தாளில் எழுதியவர் 30 நிமிடம் என்று எழுதுகிறார், கூட்டுகிற இயந்திரம் 18 நிமிடம் என்று எடுத்துக்கொள்கிறது.

மணியையும் நிமிடத்தையும் 7:30 என்று கோலன் போட்டு எழுதினால் இந்தக் குழப்பம் வராது. ஆனால் சாதாரண கால்குலேட்டரில் கோலன் கிடையாது. கம்ப்யூட்டர் கீபோர்டின் வலப்பக்கத்து எண் பகுதியிலும் புள்ளி உண்டு, கோலன் இல்லை. கோலன் வேண்டுமானால் அந்தப் பக்கத்திலிருந்து கையை எடுத்து, ஷிப்ட் பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டும். நூறு பேருடைய ஆறு நாள் நேரம் என்றால் அறுநூறு முறை. அறுநூறு முறை கை அப்படிப் போய் வராது. கட்டைவிரல் தானாகவே புள்ளிக்குப் போய்விடும்.

மணியையே நூறு நிமிடமாக்கிவிட்டால் என்ன என்று ஒரு நாடு உண்மையிலேயே முயன்று பார்த்தது. புரட்சிக்குப் பிந்தைய பிரான்ஸ் 1793-இல் ஒரு நாளைப் பத்து மணிகளாகவும், ஒரு மணியை நூறு நிமிடங்களாகவும் பிரித்துச் சட்டம் போட்டது. அதற்கென்று கடிகாரங்களும் செய்தார்கள். மக்களிடம் எடுபடாமல் 1795 ஏப்ரலில் அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்தார்கள். மீட்டரும் கிலோவும் நிலைத்தன, நூறு நிமிட மணி நிலைக்கவில்லை.

அறுபதை வைத்துக் கூட்டுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. பஞ்சாங்கக் கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. ஒரு நாழிகை நம் கடிகாரத்தில் 24 நிமிடம். திதியும் நட்சத்திரமும் கணிப்பவர்கள் நாழிகையைத் தனி எண்ணாகவும் விநாழிகையைத் தனி எண்ணாகவும் வைத்தே கூட்டிக் கழிப்பார்கள். டைம் ஆபீஸ் தாளுக்கும் அந்த வழிதான் பொருந்தும்.

இரண்டு பத்தியாகப் பிரித்தால்

மணிகளைத் தனியாகக் கூட்ட வேண்டும். 8, 9, 8, 7, 9, 8 சேர்ந்து 49. நிமிடங்களைத் தனியாகக் கூட்ட வேண்டும். 45, 20, 50, 55, 40, 35 சேர்ந்து 245. இந்த 245-இல் எத்தனை அறுபது அடங்கும்? நான்கு அறுபது 240. மீதி 5. அந்த நான்கை மணிகளோடு சேர்த்தால் 53. மொத்தம் 53 மணி 5 நிமிடம். மணிக்கு 60 ரூபாய் என்பது நிமிடத்துக்கு ஒரு ரூபாய். 53 மணி 5 நிமிடத்தில் 3,185 நிமிடங்கள் இருக்கின்றன, அதனால் கூலி 3,185 ரூபாய்.

இந்த வழியில் கால்குலேட்டரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. 245-ஐ 60-ஆல் வகுத்தால் திரையில் 4.0833 என்று வரும். அதை நான்கு மணி எட்டு நிமிடம் என்று படித்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. புள்ளிக்குப் பின்னால் இருப்பது மணியின் பின்னம். மீதி நிமிடம் வேண்டுமானால் 4-ஐக் கழித்துவிட்டு, மிஞ்சும் 0.0833-ஐ 60-ஆல் பெருக்க வேண்டும். அப்போது 5 கிடைக்கும். அதைவிட 4-ஐ 60-ஆல் பெருக்கி 245-இலிருந்து கழிப்பது சுலபம்.

புள்ளி வைத்த எண்களை அப்படியே கூட்டிக்கொண்டு, அறுபதைத் தாண்டும்போதெல்லாம் 0.40 சேர்க்கிற ஒரு குறுக்குவழியும் உண்டு. நூறுக்கும் அறுபதுக்கும் உள்ள இடைவெளி 40 என்பதால் அது சரியான வழிதான். முதலில் 8.45-உடன் 9.20 சேர்த்தால் 17.65. நிமிடம் 65, அறுபதைத் தாண்டிவிட்டது. 0.40 சேர்த்தால் 18.05. அதோடு புதன்கிழமையின் 8.50 சேர்த்தால் 26.55, அறுபதுக்குள் இருப்பதால் அப்படியே விடலாம். அடுத்து வியாழக்கிழமையின் 7.55 சேர்த்தால் 34.10.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். 10 என்பது அறுபதுக்குள்தானே என்று கடந்துபோகத் தோன்றும். ஆனால் 55-உம் 55-உம் சேர்ந்து 110 ஆகி, கால்குலேட்டர் நூறை எடுத்து மணியில் சேர்த்துவிட்ட பிறகு மிஞ்சியதுதான் அந்த 10. இங்கும் 0.40 சேர்த்து 34.50 ஆக்க வேண்டும். பிறகு வெள்ளிக்கிழமை சேர்த்தால் 43.90, அது 44.30 ஆகும். சனிக்கிழமை சேர்த்தால் 52.65, அது 53.05 ஆகும். நான்கு முறை 0.40 சேர்த்தபின் சரியான விடை வந்துவிட்டது. வியாழனில் ஒருமுறை தவறவிட்டிருந்தால் நாற்பது நிமிடம் போயிருக்கும், விடையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால்தான் இரண்டு பத்தி வழியே பாதுகாப்பானது.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் இருந்தால் இந்த வேலையும் மிச்சம். கேசியோ எஃப்எக்ஸ்-82 போன்றவற்றில் `° ' "` என்று குறியிட்ட பொத்தான் ஒன்று இருக்கும். கோண அளவின் பாகை, கலை, விகலைக்காக வைத்தது அது. பாகையும் அறுபது அறுபதாகவே பிரிவதால் மணிக்கும் அது ஒத்துவரும். 8 தட்டி அந்தப் பொத்தான், 45 தட்டி மீண்டும் அந்தப் பொத்தான், பிறகு கூட்டல் குறி என்று ஆறு நாளையும் உள்ளிட்டால் 53, 5, 0 என்று மணி, நிமிடம், நொடி தனித்தனியாக வந்து நிற்கும்.

எவ்வளவு போகிறது?

புள்ளி வைத்த எண்ணை அப்படியே கூலியால் பெருக்கும்போது ஏற்படும் இழப்புக்கு எளிய அளவு ஒன்று உண்டு. எழுதிய நிமிடங்களில் நூற்றுக்கு நாற்பது காணாமல் போகும். 30 நிமிடம் 18 ஆகிறது, 12 போகிறது. 45 நிமிடம் 27 ஆகிறது, 18 போகிறது. நம் தாளில் மொத்த நிமிடம் 245. அதில் நாற்பது சதவீதம் 98. குறைந்த 98 ரூபாயும் அதுதான்.

சரியாக எட்டு மணிநேரம், ஒன்பது மணிநேரம் என்று முழு மணியாக வேலை செய்தவருக்கு ஒரு பைசாகூடக் குறையாது. அதனால்தான் இந்தத் தவறு பல மாதம் கண்ணில் படாமல் இருந்துவிடுகிறது. பத்துப் பேர் தாளைச் சரிபார்த்து ஆறு பேருக்குக் கணக்கு ஒத்துப்போனால், மீதி நான்கு பேரையும் யாரும் பார்ப்பதில்லை. நிமிடங்கள் எப்படி வேண்டுமானாலும் அமையக்கூடிய இடத்தில் சராசரியாக ஒரு நாளைக்கு 12 நிமிடம் குறையும். மாதத்துக்கு 26 வேலைநாள் என்றால் ஐந்து மணிநேரத்துக்கும் சற்று அதிகம்.

ஓவர்டைம் வந்தால் இழப்பு இன்னும் கூடும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணிநேரம் என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று வகுத்தது. இதுவரை எல்லா மணிக்கும் ஒரே கூலி என்று வைத்துப் பார்த்தோம். இரட்டிப்புக் கணக்கில், அந்தப் பெண்ணுக்கு 48 மணிக்கு மேல் 5 மணி 5 நிமிடம் ஓ.டி. உண்டு. மணிக்கு 120 ரூபாய் வீதம் 610 ரூபாய். ஆனால் தவறான மொத்தமான 51.45-இலிருந்து 48-ஐக் கழித்தால் 3.45 மணிதான் மிஞ்சும், 414 ரூபாய். வாரத்தின் முதல் 48 மணிநேரத்துக்கான 2,880 ரூபாய் இரண்டு கணக்கிலும் அப்படியே இருக்கிறது. குறைந்தது முழுக்க ஓ.டி.யில்தான், அதுவும் இரட்டிப்பாக, 196 ரூபாய். ஓ.டி. பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் புள்ளியோடு போய்விட்டது.

எக்செல் காட்டும் 5:05

கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு வேறொன்று காத்திருக்கிறது. எக்செல் நேரத்தை நிமிடமாகவோ மணியாகவோ வைத்துக்கொள்வதில்லை. ஒரு முழு நாள்தான் அதற்கு 1. அரை நாளான 12 மணிநேரம் 0.5. ஒரு கட்டத்தில் `8:45` என்று கோலன் போட்டுத் தட்டினால், உள்ளே அது 0.3646 என்று பதிவாகிறது. திரையில் தெரியும் 8:45 அதன் மேல் போர்த்திய தோற்றம் மட்டுமே.

இது நல்ல ஏற்பாடுதான். நாளின் பின்னமாக இருப்பதால் எத்தனை நேரத்தையும் பிழையின்றிக் கூட்டலாம். ஆறு நாளையும் கோலன் போட்டு D2 முதல் D7 வரை தட்டிவிட்டு, கீழே கூட்டல் ஃபார்முலா போட்டால்:

```
=SUM(D2:D7)
```

கட்டத்தின் ஃபார்மட் `h:mm` என்று இருந்தால் விடை 5:05 என்று தெரியும். 53 மணியைக் காணோம். கட்டம் கடிகாரம் போல நடந்துகொள்கிறது. 24 மணி ஆனதும் ஒரு நாள் முடிந்தது என்று அதை மறைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் காட்டுகிறது. 53-இல் இரண்டு 24 போனால் மீதி 5.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. வாரத்தின் 48 மணிநேர வரம்பு சரியாக இரண்டு 24. அதனால் 48-க்கும் 72-க்கும் இடையில் வேலை செய்தவர்களுக்கு, மறைத்தது போக எக்செல் காட்டும் எண் அவர்களுடைய ஓ.டி.யாகவே அமைந்துவிடும். 5:05 என்று பார்த்ததும், ‘ஆகா, ஓ.டி.யைத் தானாகவே பிரித்துத் தருகிறதே’ என்று ஒருவர் நம்பிவிடலாம். அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டு 44 மணி 30 நிமிடம் வேலை செய்தவருக்கு அதே கட்டம் 20:30 என்று காட்டும். இருபதரை மணி ஓ.டி.!

மாற்ற வேண்டியது ஃபார்மட்டை மட்டும். கட்டத்தின் மேல் வலது க்ளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ் திறந்து, கஸ்டம் என்ற இடத்தில் இப்படித் தட்ட வேண்டும்:

```
[h]:mm
```

சதுர அடைப்புக்குறி போட்ட `h` 24-ஐத் தாண்டியும் எண்ணிக்கொண்டே போகும். இப்போது 53:05 என்று தெரியும். கூகுள் ஷீட்ஸில் இதே வேலைக்கு ஃபார்மட் பட்டியலில் `Duration` என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கூலி போடும்போது இன்னோர் அடி. மொத்தம் D8-இல் இருக்கிறது என்றால், `=D8*60` என்று பெருக்கினால் 132 ரூபாய் 71 காசு என்று வரும். உள்ளே இருப்பது 53 அல்ல, 2.2118 நாள். முதலில் 24-ஆல் பெருக்கி நாளை மணியாக்கிக்கொள்ள வேண்டும்:

```
=D8*24*60
```

இதில் 24 நாளை மணியாக்குகிறது, 60 என்பது மணிக்கூலி. விடை 3185 வந்து நிற்கும். 24-ஐ மறந்தால் தொகை இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால், இந்தத் தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். புள்ளித் தவறு அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை என்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

சில நேரம் எல்லாம் சரியாக இருந்தும் மொத்தம் ஒரு முழு நாள் அளவு குறையும். வாட்ஸாப்பிலிருந்தோ பஞ்சிங் மெஷின் கோப்பிலிருந்தோ காப்பி செய்து ஒட்டிய 8:35-க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். எக்செல் அதை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்க்கும். எழுத்தை `SUM` சத்தமில்லாமல் விட்டுவிட்டு மற்றதைக் கூட்டும். எண்கள் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். யாராவது எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி அழகுபடுத்தியிருந்தால் அந்த அடையாளமும் போய்விடும். அப்போது `=COUNT(D2:D7)` என்று கேட்டுப் பார்க்கலாம். ஆறு கட்டத்துக்கு ஆறு என்று சொன்னால் சரி. ஐந்து என்று சொன்னால் ஒரு கட்டம் எழுத்தாகக் கிடக்கிறது.

இரவு ஷிப்டுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. வந்த நேரம் 22:00, போன நேரம் 6:30 என்றால் போனதிலிருந்து வந்ததைக் கழிக்கும்போது விடை எதிர்மறையாகி, கட்டம் முழுக்க `#####` நிரம்பும். வந்த நேரம் B2-இலும் போன நேரம் C2-இலும் இருந்தால் `=MOD(C2-B2,1)` என்று போட்டால் நள்ளிரவைத் தாண்டிக் கணக்கிட்டு 8:30 தரும்.

ஏற்கெனவே புள்ளி போட்டுவிட்டால்

மூன்று மாதத் தாள் முழுக்க 8.45, 9.20 என்றே ஏற்றியாகிவிட்டது, திரும்பத் தட்ட நேரமில்லை. இந்த நிலைமைக்கு எக்செலில் எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் உதவி கிடைக்கிறது. அமெரிக்கப் பங்குச் சந்தைகளில் 2001 வரை விலையை டாலரும் பதினாறில் இத்தனை பங்கும் என்று பின்னமாகச் சொல்வார்கள். அதைத் தசமமாக மாற்றுவதற்கு வைத்த ஃபார்முலா `DOLLARDE`. பதினாறுக்குப் பதிலாக அறுபது என்று சொன்னால் அது மணிக்கணக்குக்கும் வேலை செய்யும்:

```
=DOLLARDE(8.45,60)
```

விடை 8.75, அதாவது எட்டேமுக்கால் மணி. இப்படி மாற்றிய எண்களைத் தயங்காமல் கூட்டலாம், கூலியால் நேரடியாகப் பெருக்கலாம். இங்கே 24-ஆல் பெருக்கக் கூடாது, விடை ஏற்கெனவே மணியில்தான் இருக்கிறது. கூட்டிய பிறகு மறுபடி மணி-நிமிடமாகப் பார்க்க வேண்டுமானால் `DOLLARFR` அதை 53.05 என்று திருப்பித் தரும்.

தசமமாக மாற்றும்போது ஒவ்வொரு நாளையும் இரண்டு இலக்கத்துக்கு வெட்டிவிடக் கூடாது. தினமும் 20 நிமிடம் கூடுதலாக இருந்தவருக்கு அதை 0.33 என்று எழுதி 26 நாளைக்குக் கூட்டினால் 8.58 மணி வரும். உண்மையில் 26 இருபது 520 நிமிடம், அதாவது 8 மணி 40 நிமிடம், தசமத்தில் 8.67. வெட்டியதால் ஐந்து நிமிடம் போயிற்று. முழு எண்ணை வைத்தே கூட்டி, கடைசியில் ரூபாயில் மட்டும் முழுமையாக்கினால் இது நேராது.

மாற்றத் தொடங்குவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். கையில் இருக்கும் பட்டியல் உண்மையிலேயே மணி-நிமிடமா, அல்லது ஏற்கெனவே தசமமா? சில பஞ்சிங் மெஷின் மென்பொருள்கள் எட்டேமுக்கால் மணியை 8.75 என்றே அச்சிடும். புள்ளிக்குப் பின்னால் 60-க்கு மேல் ஓர் எண் எங்காவது இருந்தாலும் அது தசமப் பட்டியல். நூறு வரி பார்த்தும் 59-ஐத் தாண்டவே இல்லை என்றால் நிமிடப் பட்டியலாக இருக்கும். கால் மணிக் கணக்கில் எழுதும் இடங்களில் இன்னும் எளிது. 15, 30, 45 வந்தால் நிமிடம், 25, 50, 75 வந்தால் தசமம். ஒரே தாளில் இரண்டும் கலந்திருந்தால் எந்த ஃபார்முலாவும் உதவாது, வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து போட வேண்டியதுதான். ஒரே ஒரு 8.50-ஐ மட்டும் காட்டி இது எட்டரையா, எட்டு மணி ஐம்பது நிமிடமா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

தசமப் பட்டியலை நிமிடம் என்று நினைத்துவிட்டால் தவறு எதிர்த்திசையில் போகும். 8.75-ஐ எட்டு மணி எழுபத்தைந்து நிமிடம் என்று எடுத்தால் அது ஒன்பதே கால் மணியாகிவிடும். இந்த முறை தொழிலாளிக்கு அரை மணி கூடுதல், முதலாளிக்கு நஷ்டம்.

வித்தியாசத்தை வைத்துக் கண்டுபிடிப்பது

சம்பளச் சீட்டில் ஒரு மொத்தமும் நோட்டில் இன்னொரு மொத்தமும் இருந்தால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே தவறு எங்கே நடந்தது என்று சொல்லிவிடும். இதற்கு இரண்டு பத்தி வழியில் ஒருமுறை கூட்டி, நிமிடங்களின் மொத்தத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

வித்தியாசம் 40, 80, 120 என்று நாற்பதின் மடங்காக வந்தால், புள்ளி எண்களைக் கூட்டி, வந்த விடையை மறுபடி மணி-நிமிடமாகப் படித்திருக்கிறார்கள். நம் தாளில் 51.45-ஐ 51 மணி 45 நிமிடம் என்று படித்தால் 53 மணி 5 நிமிடத்துக்கு 80 நிமிடம் குறையும். 245 நிமிடத்தில் கால்குலேட்டர் இரண்டு முறை நூறு எடுத்துவிட்டது, ஒவ்வொரு முறையும் 40 போயிற்று. மொத்த நிமிடங்களில் நாற்பது சதவீதம் குறைந்தால், அதாவது இங்கே 98 நிமிடம் குறைந்தால், புள்ளி எண்ணை அப்படியே கூலியால் பெருக்கியிருக்கிறார்கள். 24 அல்லது 48 மணி சுத்தமாகக் காணாமல் போயிருந்தால் எக்செல் கட்டத்தில் சதுர அடைப்புக்குறி இல்லை. ஏதோ ஒரு நாளின் நேரம், 8 மணி 35 நிமிடம் என்பது போல, அச்சு அசலாகக் குறைந்தால் அந்த நாளின் கட்டம் எழுத்தாகக் கிடக்கிறது. மூன்று, ஐந்து நிமிடம் மட்டும் என்றால் தினமும் தசமத்தை வெட்டியிருக்கிறார்கள். டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்று ‘கணக்கு தப்பு’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘80 நிமிடம் குறையுதுங்க, புள்ளி வைத்துக் கூட்டியிருக்கிறீர்களா பாருங்க’ என்று கேட்டால், எழுத்தர் தாளைத் திருப்பிப் பார்த்து அந்த வரியிலேயே திருத்திவிட முடியும்.